நறுக்கிக் கொடுத்தால்தான் படிக்கும்

டோக்கியோவில் நிஷிகசாய் என்றொரு பகுதி இருக்கிறது. இந்தியக் குடும்பங்கள் நிறைய குடியிருப்பதால் அதற்குக் குட்டி இந்தியா என்று பெயரே வந்துவிட்டது. அங்கே புதிதாக வாடகைக்குப் போகிறவர்கள் முதலில் திண்டாடுவது குப்பையில். எரியும் குப்பைக்கு ஒரு கிழமை, எரியாததற்கு இன்னொரு கிழமை, பாட்டிலும் டப்பாவும் தனி. ஒரு பக்கம் ஏறத்தாழ 30 செ.மீ.க்கு மேல் இருந்தால் அது ‘பெரிய குப்பை’ ஆகிவிடும். முன்பதிவு செய்து, கட்டண ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித்தான் வெளியே வைக்க வேண்டும். இத்தனையும் ஜப்பானிய மொழியில் ஒரே நீளப் படமாக, மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே போகிற அறிவிப்பாகக் கைபேசிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை அப்படியே மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டால் என்ன ஆகும்?

பெரிய தலைப்புகள் தமிழில் வந்துவிடும். இடையிலுள்ள பொடி எழுத்தில் பாதி வராது. வராததைவிட மோசம், வந்ததுபோல் வருவது. பெரும்பாலானவர்கள் இதை மொழிபெயர்ப்பின் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோளாறு அதற்கு முந்தைய கட்டத்திலேயே நடந்து முடிந்திருக்கும்: செயலி அந்த எழுத்தைப் பார்க்கவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். படம் 1,080 பிக்சல் அகலம், 9,600 பிக்சல் உயரம். பொடி எழுத்தின் உயரம் 24 பிக்சல். இது படிக்கப் போதுமான அளவுதான். ஆனால் படத்தை வாங்கிக்கொள்ளும் சேவைகள் பல, வேலையை ஆரம்பிக்கும் முன் அதைத் தங்களுக்குத் தோதான அளவுக்குச் சுருக்கிவிடும். நீளமான பக்கம் 1,600 பிக்சலுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்த வரம்பானால், 9,600 என்பது ஆறில் ஒன்றாகிவிடும். அகலமும் அதே விகிதத்தில் 180க்கு இறங்கும். 24 பிக்சல் எழுத்து 4 பிக்சல் ஆகும். நான்கு புள்ளி உயரத்துக்குள் ஒரு ஜப்பானிய எழுத்தை வரைய முடியாது. அதில் சிலவற்றுக்குப் பதினைந்து, இருபது கோடுகள் உண்டு. எழுத்துணரி மென்பொருள்களில் பழையதும் பரவலானதுமான டெஸராக்ட்டுக்குச் சொல்லப்படும் வழிகாட்டலே, ஆங்கிலச் சிற்றெழுத்து 20 பிக்சல் அளவு உயரம் இருந்தால் நல்லது, 10க்குக் கீழே போனால் நம்பிக்கை இல்லை என்பதுதான்.

வாட்ஸ்அப்பும் இதே வேலையைச் செய்கிறது. சாதாரணமாகப் படம் என்று அனுப்பினால் சுருக்கித்தான் அனுப்பும். 2023இல் வந்த எச்.டி. தேர்வு கொஞ்சம் தேவலாம். அசல் அப்படியே போய்ச் சேர வேண்டுமென்றால் ‘டாக்குமெண்ட்’ என்று இணைத்து அனுப்பச் சொல்ல வேண்டும். ஆகவே நறுக்க உட்காரும் முன்பு ஒரு சோதனை: படத்தைத் திறந்து, பொடி எழுத்துள்ள இடத்தில் விரலால் விரித்துப் பாருங்கள். எழுத்தின் கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால் சரக்கு உள்ளே இருக்கிறது. கட்டம் கட்டமாகக் கலங்கித் தெரிந்தால் படம் வழியிலேயே சுருங்கிவிட்டது. அதை நூறாக வெட்டினாலும் பயனில்லை. அனுப்பியவரிடம் அசலைக் கேளுங்கள்.

அசல் கையில் இருந்தால், 1,500 பிக்சல் உயரத் துண்டுகளாக வெட்டுவது இந்தப் படத்துக்குப் பொருந்தும். 1,080க்கு 1,500 என்பது வரம்புக்குள் அடங்குவதால் செயலி அதைச் சுருக்காது. 24 பிக்சல் எழுத்து 24 ஆகவே உள்ளே போகும். இதற்குக் கணினி வேண்டியதில்லை. கைபேசி கேலரியில் ‘எடிட்’ போய் வெட்டும் கருவியால் ஒவ்வொரு பகுதியாக எடுத்து, ‘நகலாகச் சேமி’ என்று சேமித்தால் போதும். மறந்துபோய் வெறுமனே ‘சேமி’ என்று அழுத்தினால் சில கைபேசிகளில் அசலின் மேலேயே எழுதிவிடும். முதலில் அசலுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்வது உத்தமம். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒப்பேற்றலாமே என்று தோன்றும். எடுக்கலாம், படத்தின் அகலம் திரை முழுதும் நிறையும்படி விரித்துக்கொண்டு எடுத்தால். முழுப் படமும் திரைக்குள் தெரியும்படி வைத்து எடுத்த ஸ்கிரீன்ஷாட் செயலி செய்யும் அதே சுருக்கலை நாமே செய்வது. சேமிக்கும்போது பி.என்.ஜி. வடிவம் கிடைத்தால் அதை எடுங்கள். ஜேபெக் படத்தை ஒவ்வொரு முறை வெட்டிச் சேமிக்கும்போதும் எழுத்தின் விளிம்பில் அழுக்குப் படிவதுபோல் கலங்கல் சேரும்.

எங்கே வெட்டுவது என்பதில்தான் கவனம் வேண்டும். அளவுகோல் வைத்தாற்போல் சரியாக 1,500இல் வெட்டினால் ஏதோ ஒரு வரியின் இடுப்பில் கத்தி விழும். மேல் பாதி ஒரு துண்டிலும் கீழ்ப் பாதி அடுத்ததிலும் போய், இரண்டிலுமே அந்த வரி படிக்கப்படாமல் போகும். பகுதிக்கும் பகுதிக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அங்கே வெட்டுவது நல்லது. இல்லையென்றால் அடுத்த துண்டை 200 பிக்சல் மேலிருந்தே தொடங்குங்கள். நாலைந்து வரிகள் இரண்டு துண்டிலும் வரட்டும். நம் படத்துக்கு அப்படிக் கணக்குப் போட்டால் எட்டுத் துண்டு ஆகும், கடைசித் துண்டு மட்டும் குட்டையாக இருக்கும். இரண்டு முறை வந்த வரிகளைப் பிறகு ஒன்றாக்கிவிடலாம். சொல்லப்போனால் அவை ஒரு சாட்சியும்கூட: ஒரே வரியை இரண்டு துண்டிலும் வேறு வேறாகப் படித்திருந்தால் அந்தப் பகுதியை இன்னும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம்.

அட்டவணை இருந்தால் இன்னொரு சிக்கல். ‘கிழமை, நேரம், எந்தப் பை’ என்ற தலைப்பு வரிசை மூன்றாவது துண்டில் இருக்கும்; அதற்குரிய விவரம் நான்காவதில் தொடரும். நான்காவதைத் தனியாகப் படித்தால் ‘செவ்வாய், 8, ஒளி ஊடுருவும் பை’ என்று சொற்கள் வரும், எது எதற்கு என்று தெரியாது. அட்டவணையை ஒரே துண்டுக்குள் அடக்கப் பாருங்கள். முடியாதென்றால் தலைப்பு வரிசையைத் தனியாக வெட்டி, தொடர்ச்சித் துண்டோடு சேர்த்துக் கொடுங்கள். வண்ண விளக்கமும் நட்சத்திரக் குறிப்பும் இப்படித்தான். மேலே ‘ஸ்ப்ரே டப்பா*’ என்று இருக்கும். அந்த நட்சத்திரம் சொல்லும் எச்சரிக்கை படத்தின் அடிவாரத்தில், இருப்பதிலேயே பொடியான எழுத்தில், எட்டாவது துண்டில் கிடக்கும். பத்தி பத்தியாக இரண்டு வரிசையில் அச்சான படமென்றால் முதலில் நெடுக்காக வரிசை வரிசையாகப் பிரித்துவிட்டு, அப்புறம்தான் குறுக்கே வெட்ட வேண்டும்.

துண்டுகள் ஆனதும் ஒவ்வொன்றையும் உடனே தமிழாக்கத் தோன்றும். அதைவிட, முதலில் எட்டுத் துண்டிலிருந்தும் ஜப்பானிய உரையை மட்டும் எடுங்கள். கூகுள் லென்ஸ் போன்றவற்றில் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க வசதி இருக்கிறது. வரிசைப்படி ஒட்டி, இரட்டித்த வரிகளை நீக்கி, முழு உரையாக ஆக்கிய பிறகு மொழிபெயர்த்தால் இரண்டு நன்மை. துண்டின் எல்லையில் அறுந்த வாக்கியம் கூடிவிடும். ஒரே சொல் ஒரு துண்டில் ‘வளக் குப்பை’ என்றும் அடுத்ததில் ‘மறுசுழற்சி’ என்றும் வந்து, இரண்டும் வேறு வேறோ என்று குழப்பாது. செயலி படத்தின் மேலேயே தமிழை ஒட்டிக் காட்டுவது பார்க்க அழகு. ஆனால் ஜப்பானிய எழுத்து இருந்த சின்ன இடத்துக்குள் தமிழ் அடங்காமல் நெருக்கியடித்து நிற்கும். வாசிக்க அது உதவாது.

சரிபார்ப்பை விட்டுவிடக் கூடாது. ‘மேல்’ என்பதற்கான ஜப்பானிய எழுத்தில் நீளக் கிடைக்கோடு அடியில் இருக்கும். ‘கீழ்’ என்பதற்கு அதே கோடு உச்சியில். கலங்கிய படத்தில் இது மாறினால் ‘30 செ.மீ.க்கு மேல்’ என்பது ‘30 செ.மீ.க்குள்’ ஆகிவிடும், வாக்கியம் பார்வைக்குச் சுத்தமாக இருக்கும், பொருள் தலைகீழாகியிருக்கும். தமிழ் சுவரொட்டியை வேற்று மொழிக்கு மாற்றும்போது இதே இடத்தில் நிற்பது நம் புள்ளி. சுருங்கிய படத்தில் முதலில் காணாமல் போவது அதுதான். ஏ.ஐ. செயலிகளில் இன்னொரு பழக்கம் உண்டு: தெரியாத இடத்தைக் காலியாக விடாமல், பக்கத்துச் சொற்களை வைத்துப் பொருத்தமாக இட்டு நிரப்பிவிடும். அதனால் நடை சரளமாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. படத்திலுள்ள தலைப்புகளை எண்ணுங்கள், மொழிபெயர்ப்பில் அத்தனையும் இருக்கிறதா பாருங்கள். பிறகு எண்களை மட்டும் எடுத்துக்கொண்டு, கிழமை, மணி, செ.மீ., கட்டணம் என ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிடுங்கள். ஜப்பானியம் தெரியாதவரும் எண்களைப் படிக்கலாமே.

இதுவரை சொன்னது கணினியில் உருவாகி வந்த படத்துக்கு. சுவரில் இருப்பதைப் புகைப்படம் எடுப்பதானால் கதை வேறு. மருத்துவமனை வாசலிலும் வங்கியிலும் நிற்கும் ஆறடிக்கு இரண்டடி ஸ்டாண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 12 மெகாபிக்சல் கேமராவில் நெடுக்காக வைத்து முழுதையும் ஒரே படமாக எடுத்தால் 183 செ.மீ. உயரத்துக்கு 4,000 பிக்சல். ஒரு சென்டிமீட்டருக்கு 22தான் கிடைக்கும். 3 மில்லிமீட்டர் எழுத்துக்கு ஆறேழு பிக்சல். இந்தப் படத்தை எப்படி வெட்டினாலும் அந்த ஆறேழுதான், கூடாது. நறுக்குவதைக் கேமராவிலேயே செய்துவிட வேண்டும். கைபேசியைப் படுக்கையாகத் திருப்பி, ஸ்டாண்டியின் அகலம் மட்டும் திரையை நிறைக்கும் அளவுக்கு நெருங்குங்கள். இப்போது இரண்டடிக்கு 4,000 பிக்சல். அதே எழுத்துக்கு 20 பிக்சல் கிடைக்கும். ஒரு படத்தில் சுமார் 46 செ.மீ. உயரம் அடங்கும் என்பதால், கொஞ்சம் மேல்விழும்படி எடுத்தால் ஐந்து படத்தில் ஆறடியும் முடிந்துவிடும். கீழ்ப் பகுதிக்கு வரும்போது நின்ற இடத்திலிருந்தே கையைச் சாய்க்காமல் குனிந்தோ உட்கார்ந்தோ எடுங்கள். சாய்த்தால் தூரத்து எழுத்து மேலும் சிறுத்துப்போகும். ஃபிளெக்ஸ் பளபளப்பில் குழல்விளக்கு வெள்ளைப் பட்டையாக விழுந்தால் ஒரு எட்டுப் பக்கவாட்டில் நகர்ந்தால் பட்டை இடம் மாறிவிடும். பனோரமா வேண்டாம். அது ஒட்டுப்போடும் இடத்தில் எழுத்தை நெளிக்கும், சில நேரம் ஒரு வரியையே விழுங்கிவிடும்.

படத்தைத் தெளிவாக்கித் தருகிறோம் என்கிற செயலிகளை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மங்கலான முகத்துக்கு அவை வரைந்து தரும் கண்ணிமை ஒருவரையும் கெடுக்காது. மங்கலான எழுத்துக்கு அவை போடும் கோடு, மருந்தளவையோ கடைசித் தேதியையோ மாற்றிவிடும். விரித்துப் பார்த்தும் உங்கள் கண்ணுக்கே பிடிபடாத வரி இருந்தால் அந்த இடத்தில் ‘தெளிவில்லை’ என்று எழுதி வையுங்கள். அறிவிப்பை வெளியிட்டவர்களிடம் பி.டி.எஃப். இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். அதில் எழுத்தை விரலால் தேர்ந்தெடுக்க முடிந்தால், வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். உரையை நேராக நகலெடுத்துக்கொள்ளலாம்.