படத்தில் மூக்கு மெலிந்து தெரிய

புகைப்படத்தில் வெளிச்சம் விழும் இடம் எடுப்பாகவும், நிழல் விழும் இடம் உள்வாங்கியும் தெரியும். அகன்ற மூக்கை மெலிதாகக் காட்டும் கான்டூர் ஒப்பனைக்கு இதுவே அடிப்படை.

ஃபவுண்டேஷன் போட்ட பிறகு, உங்கள் நிறத்தைவிட இரண்டு ஷேடு அடர்ந்த, மினுமினுப்பில்லாத கான்டூரை எடுங்கள். செம்மை கலந்த பழுப்பு நிழல்போல் இருக்காது. சற்றே சாம்பல் சாயல் கொண்ட பழுப்பே பொருந்தும். புருவத்தின் உள்முனையிலிருந்து மூக்குத்தண்டின் இருபுறமும் நேர்கோடு இழுங்கள். இந்த இரு கோடுகளுக்கு இடைப்பட்ட அகலம்தான் படத்தில் மூக்கின் அகலமாகத் தெரியும். எனவே கோடுகளைக் கன்னத்தின் பக்கமாக மட்டும் தேய்த்துக் கலையுங்கள். உள்பக்கம் கலைத்தால் நடுப்பகுதியும் மங்கிவிடும். மூக்குச் சிறகுகளின் ஓரத்தில் லேசாகத் தொட்டால் போதும்.

நடுத்தண்டில் ஹைலைட்டரை மெல்லிய கோடாக வைத்து, நுனிக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். கோடு அகன்றால் மூக்கும் அகன்று தெரியும். மினுக்கும் ஹைலைட்டர் ஃபிளாஷில் எண்ணெய்ப் பளபளப்பாகத் தெரியும்.

முகத்துக்கு நேராக அடிக்கும் ஃபிளாஷ் நிழலை அழித்துவிடும். பக்கவாட்டுக் கோணத்தில் கோடுகள் அம்பலமாகும். கைபேசியை முகத்தருகே பிடித்தால் மூக்கு பெரிதாகவே விழும். ஆகவே சற்றுத் தள்ளி நின்று, ஜூம் செய்து ஒரு படம் எடுத்துப் பாருங்கள். கோடு தனியாகத் தெரிந்தால் இன்னும் கலைக்க வேண்டும்.