வாடகை வீட்டுக் கணக்கு – 7: பில் யார் பெயரில், பணம் யார் கையில்?

உலு சிலாங்கூரில் ரப்பரும் செம்பனையும் நின்ற நிலங்களுக்கு நடுவே தொண்ணூறுகளில் எழுந்த நகரம் புக்கிட் பெருந்துங். தோட்டத்து லயங்களை விட்டு வந்த நம்மவர்கள் பலர், முதன்முதலில் தனி மீட்டரும் தனி பில்லும் உள்ள வீட்டில் குடியேறியது இங்கேதான். தோட்டத்தில் இருந்தவரை இந்தக் கணக்கு நம் தலையில் விழவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவதும், மின்சார வசதி செய்து கொடுப்பதும் நிர்வாகத்தின் கடமை என்று 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமே சொல்கிறது. லயத்து வீட்டுக்குச் சுக்காய் பிந்து வந்து யாரும் பார்த்ததில்லை. டவுன் வீட்டுக்கு வந்ததும் நாலைந்து இடங்களிலிருந்து பில் வருகிறது. அதில் எது வீட்டுக்காரருடையது, எது குடியிருப்பவருடையது என்ற தெளிவு இல்லாததால் வரும் சண்டைதான் அதிகம்.

சென்ற வாரம் வாடகை ஒப்பந்தத்தைப் பார்த்தோம். இந்த வாரம் அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே நிற்கும் மூன்றாவது ஆட்களைப் பார்ப்போம்: நகராண்மைக் கழகம், தெனாகா நேஷனல், ஆயர் சிலாங்கூர். வீட்டுக்காரரும் வாடகைக்காரரும் தங்களுக்குள் என்ன எழுதிக்கொண்டாலும் அது அந்த இருவரை மட்டுமே கட்டுப்படுத்தும். இந்த மூன்று பேரும் தங்கள் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் பணம் கேட்பார்கள். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை விளங்கிவிடும்.

முதலில் சுக்காய் பிந்து, அதாவது மதிப்பீட்டு வரி. புக்கிட் பெருந்துங்கில் இதை வசூலிப்பது உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகம். 2021இல் மாவட்ட மன்ற நிலையிலிருந்து உயர்ந்த கழகம் இது. 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின்படி, இந்த வரிக்கு அடிப்படையாக மன்றம் வீட்டின் ஆண்டு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். வீட்டை நியாயமாக வாடகைக்கு விட்டால் ஓராண்டில் எவ்வளவு வரும் என்று மன்றத்தின் மதிப்பீட்டாளர் போடும் கணக்குதான் ஆண்டு மதிப்பு. பழுதுபார்ப்பு, காப்புறுதி, வரி எல்லாவற்றையும் வீட்டுக்காரரே ஏற்பதாக வைத்து அந்த வாடகை மதிப்பிடப்படுகிறது. நீங்கள் உண்மையில் கொடுக்கும் வாடகைக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. வாடகை ஏறினால் மறுமாதமே வரி ஏறாது. புதிய மதிப்பீட்டுப் பட்டியல் வந்தால்தான் ஏறும். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பட்டியல் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் பல மன்றங்கள் அதைவிடப் பல ஆண்டுகள் கடந்தே புதுப்பித்திருக்கின்றன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு மாடி வரிசை வீடு ஒன்றின் நியாயமான மாத வாடகையை மன்றம் 400 வெள்ளி என்று பட்டியலில் வைத்திருக்கிறது என்று கொள்வோம். ஆண்டு மதிப்பு 4,800 வெள்ளி. மன்றம் அந்த வகை வீட்டுக்கு 7 விழுக்காடு விதித்தால் ஆண்டு வரி 336 வெள்ளி, அரையாண்டுக்கு 168 வெள்ளி. வெளியில் அந்த வீடு இன்று 650 வெள்ளிக்கு வாடகைக்குப் போனாலும் அடுத்த பட்டியல் வரும்வரை வரி இதுதான். விழுக்காடு மன்றத்துக்கு மன்றம், வீட்டு வகைக்கு வகை மாறும். ஆண்டு மதிப்பில் 35 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்பது சட்டம் வைத்த உச்சவரம்பு. முதல் அரையாண்டுப் பணத்தைப் பிப்ரவரி கடைசிக்குள்ளும், இரண்டாவதை ஆகஸ்ட் 31க்குள்ளும் கட்ட வேண்டும்.

இதைக் கட்ட வேண்டியவர் வீட்டின் உரிமையாளர். நில அலுவலகத்துக்குப் போகும் நில வரியும், அடுக்குமாடி வீடென்றால் பராமரிப்புக் கட்டணமும் அப்படியே. ஒப்பந்தத்தில் “எல்லா வரிகளும் வாடகைக்காரர் பொறுப்பு” என்று ஒரு வரி எழுதியிருந்தாலும் மன்றத்தின் பார்வையில் கடனாளி உரிமையாளரே. அந்த வாசகத்தால் ஆவது ஒன்றுதான்: கட்டிய பணத்தை உரிமையாளர் உங்களிடம் கேட்க முடியும். ஆகவே கையெழுத்திடும் முன் அப்படி ஒரு வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வாடகையில் அப்படி எழுதும் வழக்கமில்லை. வீட்டுக்காரரே வருமான வரிக் கணக்கில் சுக்காய் பிந்துவையும் நில வரியையும் வாடகை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்கிறார். அதையே உங்களிடமும் வாங்குவது நியாயமில்லை.

ஆனால் உரிமையாளர் கட்டாமல் விட்டால் அடி வாடகைக்காரர் வாசலிலும் விழலாம். நிலுவைக்கு மன்றம் முதலில் அறிவிப்பு அனுப்பும். அதற்கும் பதில் இல்லையென்றால் வாரண்டோடு வந்து வீட்டில் உள்ள அசையும் பொருள்களைப் பறிமுதல் செய்ய முடியும். தொலைக்காட்சிப் பெட்டி உங்களுடையதாக இருந்தாலும் அது இருப்பது அந்த வீட்டில். இதற்குச் சட்டமே ஒரு பாதுகாப்பு தருகிறது. பொருளைக் காப்பாற்றுவதற்காக வாடகைக்காரர் அந்த நிலுவையைக் கட்டினால், எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாத பட்சத்தில், அந்தத் தொகையை வரப்போகும் வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ரசீதைப் பத்திரமாக வைத்து, கழிப்பதை வீட்டுக்காரருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். வாசலில் ஒட்டிய மன்ற அறிவிப்பைக் கிழித்துப் போடாமல் அன்றே படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள்.

புக்கிட் பெருந்துங் வட்டாரத்தில் பூட்டியே கிடக்கும் வீடுகள் ஏராளம். வெற்று வீட்டுக்கும் வரி உண்டு. ஒரு மாதத்துக்குக் குறையாமல் காலியாக இருந்து, வீடு குடியிருக்கத் தக்க நிலையில் இருந்து, நியாயமான வாடகைக்கு ஆள் தேடியதையும் காட்ட முடிந்தால், அந்தக் காலத்துக்கான வரியில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்க உரிமையாளருக்கு இடமிருக்கிறது. காலியானதை மன்றத்துக்கு உடனே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். கூரை இடிந்து, கதவு போன வீட்டுக்கு இந்தச் சலுகை கிடைக்காது. அதேபோல வீட்டை விற்றவர் பெயர் மாற்றத்தை மன்றத்துக்குத் தெரிவிக்காவிட்டால், விற்ற பிறகும் பில் அவர் பெயருக்கே வந்துகொண்டிருக்கும்.

இனி மின்சாரம். இங்கே நிலைமை தலைகீழ். பயன்படுத்துபவர் கட்ட வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. கணக்கு யார் பெயரில் என்பதில்தான் சிக்கல். வாடகைக்காரர் தன் பெயருக்குக் கணக்கை மாற்றிக்கொண்டால் டெபாசிட்டைத் தெனாகாவிடம் அவரே கட்டுவார், நிலுவையும் அவருடையது. வீட்டுக்காரர் பெயரிலேயே விட்டுவைத்தால், சொல்லாமல் கிளம்பிப்போன ஆளின் கடன் வீட்டுக்காரர் தலையில். மீட்டரில் யாராவது கைவைத்துப் பிடிபட்டாலும் தெனாகா இழப்பைக் கேட்பது பதிவு செய்த பெயருக்குரியவரிடமே. ஆகவே பெயர் மாற்றம் இரு தரப்புக்கும் நல்லது. மாற்றாத வீட்டில்தான் வாடகையோடு சேர்த்து பயனீட்டு டெபாசிட் என்று அரை மாதமோ ஒரு மாதமோ வீட்டுக்காரர் வாங்கி வைக்கிறார்.

2025 ஜூலை 1 முதல் வந்த புதிய கட்டண முறையை வாடகை வீடுகளில் இருப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் 1,500 யூனிட்டுக்கு உட்பட்ட வீட்டுக்கு எரிசக்தி, கொள்திறன், மின்கம்பி வலைக் கட்டணங்கள் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 காசு. அதிலிருந்து சிக்கன ஊக்கத் தள்ளுபடி கழிகிறது. 200 யூனிட்டுக்குள் என்றால் யூனிட்டுக்கு 25 காசு தள்ளுபடி. பயன்பாடு ஏற ஏற அது படிப்படியாகக் குறைந்து 1,000 யூனிட்டுக்கு மேல் இல்லாமல் போகிறது. தள்ளுபடி கடைசிப் படிக்கு மட்டும் அல்ல, அந்த மாதத்து முழுப் பயன்பாட்டுக்கும் ஒரே விகிதத்தில் கணக்கிடப்படுகிறது.

இதன் விளைவை ஒரு வீட்டை வைத்துப் பாருங்கள். ஒரு குடும்பம் மாதம் 290 யூனிட் எரித்தால் தள்ளுபடி 22.5 காசு. யூனிட் 21.93 காசு ஆகிறது. பில் ஏறக்குறைய 63 வெள்ளி 60 காசு. அதே வீட்டில் இன்னொரு குடும்பம் ஒரு பாதியை எடுத்து, அதுவும் 290 யூனிட் எரித்தால், ஒரே மீட்டரில் 580 யூனிட். தள்ளுபடி 9 காசாக இறங்குகிறது. பில் 205 வெள்ளி 49 காசு. இரண்டு மீட்டர் இருந்திருந்தால் மொத்தமே 127 வெள்ளிதான் ஆகியிருக்கும். கூடுதல் வரிகளைச் சேர்க்காமலே 78 வெள்ளி அதிகம். யாரும் திருடவில்லை, மீட்டர் கெடவில்லை. ஒரே மீட்டரில் இரண்டு அடுப்பு எரிவதன் விலை அது. அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளில் “உன் பங்கு இவ்வளவு” என்று சண்டை வருவதற்கு இதுவே காரணம். அறைக்கு ஒரு துணை மீட்டர் வைத்து, மொத்த பில்லை அந்த விகிதத்தில் பிரிப்பதுதான் நியாயமான வழி.

தண்ணீருக்கும் இதே மாதிரிதான், ஆனால் கணக்கு வேறு. ஆயர் சிலாங்கூர் வீட்டுத் தண்ணீரை மூன்று படியாக அளக்கிறது: முதல் 20 கன மீட்டர், அடுத்து 35 வரை, அதற்கு மேல். படிக்குப் படி விலை கூடும். மேல் படியின் விலை அந்தப் படியில் விழும் தண்ணீருக்கு மட்டும். தலா 20 கன மீட்டர் புழங்கும் இரண்டு குடும்பங்கள் தனித்தனி மீட்டரில் இருந்தால் முதல் படியோடு நின்றுவிடும். ஒரே மீட்டரில் 40 ஆகி மூன்றாம் படியைத் தொட்டுவிடும். 2008இல் சிலாங்கூர் அரசு தொடங்கிய 20 கன மீட்டர் இலவசத் தண்ணீர்த் திட்டம் 2020 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. அதற்கு மனுச் செய்திருக்க வேண்டும். வீட்டுக்கு இலவசம் இருக்கிறது என்று யாரும் சொன்னால், யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள். கழிவுநீருக்கு இண்டா வாட்டர் அனுப்பும் கட்டணம் மாதத்துக்கு ஒரே தொகை. அதை யார் கட்டுவது என்று ஒப்பந்தத்தில் சொல்லாமல் விடுவதால், காலி செய்யும் நாளில்தான் பலருக்கு நிலுவை நினைவுக்கு வருகிறது.

மலேசியாவில் வீட்டு வாடகைக்கென்று தனிச் சட்டம் இன்னும் வரவில்லை. உங்கள் ஒப்பந்தமே உங்கள் சட்டம். அதற்கு முத்திரை வரி கட்டாவிட்டால் அதை நீதிமன்றத்தில் சாட்சியாகக் காட்ட முடியாது. சாவி வாங்கும் நாளிலேயே மின் மீட்டரையும் தண்ணீர் மீட்டரையும் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரரிடம் கடைசி சுக்காய் பிந்து ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. சுக்காய் பிந்து, நில வரி, பராமரிப்பு வீட்டுக்காரர் பொறுப்பு, மின்சாரம், தண்ணீர், கழிவுநீர் குடியிருப்பவர் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் இரண்டே வரி எழுதிக் கையெழுத்திடுங்கள். வாய்ப்பேச்சில் விட்ட பில் எதுவும் வாய்ப்பேச்சில் தீர்வதில்லை.

அடுத்த வாரம்: டெபாசிட்டைத் திரும்பப் பெறுவது எப்படி?