கூகுள் ஏன் மாதக்கணக்கில் காக்க வைக்கிறது?

காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய் விற்கும் சிறு கடை ஒன்று இணையதளம் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இருப்பது ஒரே பக்கம். நல்லெண்ணெய், கடலை எண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் அதிலேயே. விலைப்பட்டியல் ஒரு படமாக ஒட்டப்பட்டிருக்கிறது. சில வாரங்கள் ஆகியும் கூகுள் தேடலில் கடை தலைகாட்டவில்லை. "எஸ்இஓ பண்ணணும்" என்கிறார்கள் தெரிந்தவர்கள். அப்படியென்றால் என்ன செய்ய வேண்டும்?

ஒருவர் என்ன சொல்லைத் தட்டுகிறார் என்பதோடு, எதற்காகத் தட்டுகிறார் என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். ஆண்ட்ரே பிராடர் என்ற கணினி அறிஞர் 2002-இல் இணையத் தேடல்களை மூன்று வகையாகப் பிரித்தார்: தெரிந்த ஒரு தளத்துக்குப் போகத் தேடுவது, ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளத் தேடுவது, வாங்குவது போன்ற ஒரு காரியத்தை முடிக்கத் தேடுவது. "மரச்செக்கு எண்ணெய் நன்மைகள்" என்று தேடுபவர் படிக்க வந்தவர். "மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் விலை" என்று தேடுபவர் கையில் காசோடு வந்தவர். இருவருக்கும் ஒரே பக்கத்தைக் காட்டினால் இருவருமே திரும்பிப் போய்விடுவார்கள்.

நோக்கத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அந்தச் சொற்களை நாமே தேடிப் பார்த்தால் போதும். முதல் பக்கம் முழுக்கக் கட்டுரைகளும் வீடியோக்களும் வந்தால், அங்கே விலைப் பக்கம் ஏறுவது கடினம். விற்பனைப் பக்கங்கள் வந்தால், அதுதான் கடைக்கான இடம். நம் ஊரில் பலர் `marachekku ennai price` என்று ஆங்கில எழுத்திலும் தட்டுவார்கள். அதையும் தேடிப் பார்க்க வேண்டும்.

நோக்கம் பிடிபட்டால் பக்க அமைப்பும் தெளிவாகும். ஒரு நோக்கத்துக்கு ஒரு பக்கம். எண்ணெய் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே. பல கடைகளின் தளங்களில் தலைப்பு வெறும் `Home` என்றே கிடக்கும். தேடல் முடிவில் பெரிய எழுத்தில் தெரிவது பெரும்பாலும் அந்தத் தலைப்புதான். நல்லெண்ணெய்ப் பக்கத்துக்கு இப்படி எழுதலாம்:

```html
<title>மரச்செக்கு நல்லெண்ணெய் 1 லிட்டர் விலை – காங்கேயம்</title>
<h1>மரச்செக்கு நல்லெண்ணெய்</h1>
<h2>விலையும் அளவுகளும்</h2>
<h2>வீட்டுக்கு அனுப்பும் விவரம்</h2>
```

விலை படத்தில் இருக்கக் கூடாது, எழுத்தாக இருக்க வேண்டும். நன்மைகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதினால், அதிலிருந்து "நல்லெண்ணெய் விலை" என்ற சொற்களிலேயே இந்தப் பக்கத்துக்கு இணைப்பு கொடுக்கலாம். ஒரே சொல்லைப் பத்திக்குப் பத்தி திணிப்பதைக் கூகுள் ஏமாற்று வேலையாகவே கருதுகிறது. பக்கத்தின் நிரலுக்குள் `meta keywords` என்று சொற்களை அடுக்குவதும் வீண். தேடல் வரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று 2009-லேயே கூகுள் அறிவித்துவிட்டது.

இவ்வளவும் செய்த மறுநாளே இடம் மாறாது. கூகுளின் நிரல் முதலில் பக்கத்தைத் தேடி வந்து படிக்க வேண்டும், பிறகு தன் அட்டவணையில் சேர்க்க வேண்டும், அதன் பிறகுதான் மற்றப் பக்கங்களோடு ஒப்பிட்டு வரிசை தரும். புதுத் தளத்தை நோக்கி வெளியிலிருந்து இணைப்புகள் அதிகம் இருக்காது என்பதால் அந்த நிரல் அடிக்கடி எட்டிப் பார்க்காது. நாம் தலைப்பை மாற்றினாலும் அது மறுபடி வந்து படிக்கும்வரை பழைய தலைப்புதான் கணக்கு. இன்னொரு காரணமும் உண்டு. பிற தளங்கள் ஒரு பக்கத்துக்குத் தரும் இணைப்பை அதன் மதிப்புக்குச் சாட்சியாகக் கொள்ளும் முறையில்தான் 1998-இல் கூகுள் தொடங்கியது. இன்று பார்ப்பவை வேறு பலவும் உண்டு என்றாலும், இணைப்பு இன்னும் கணக்கில் வருகிறது. போட்டிக் கடைகள் அதைப் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருக்கின்றன. புதிய கடைக்கு அது ஒவ்வொன்றாகத்தான் வரும். வேலையைச் செய்து பலனைப் பார்க்கப் பெரும்பாலும் 4 மாதம் முதல் ஓர் ஆண்டு ஆகும் என்று 2017-இல் கூகுள் வெளியிட்ட வீடியோ ஒன்றிலேயே சொல்லப்பட்டது.

காத்திருப்பது சரியா, எங்காவது கோளாறா என்பதைக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் பார்க்கலாம். பக்கத்தின் முகவரியை அதில் கொடுத்ததும் `Discovered – currently not indexed` என்று வந்தால், பக்கம் இருப்பது தெரியும், இன்னும் படிக்கவில்லை என்று பொருள். `Crawled – currently not indexed` என்றால் படித்தும் சேர்க்கவில்லை. பெரும்பாலும் உள்ளடக்கத்தைத்தான் கவனிக்க வேண்டும். பக்கம் அட்டவணையில் சேர்ந்த பிறகு முதலில் அசைவது `Impressions`, அதாவது தேடல் முடிவுகளில் தென்பட்ட எண்ணிக்கை. அது மாதத்துக்கு மாதம் கூடினால், கிளிக் இன்னும் வராவிட்டாலும் வழி சரிதான். முதல் பக்கத்துக்கு வந்த பின்னும் கிளிக் விழவில்லையென்றால் தலைப்பை மாற்றிப் பார்க்கலாம். வாரம் ஒரு தலைப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் மட்டும், எந்த மாற்றம் பலன் தந்தது என்பது கடைசிவரை தெரியாமலே போகும்.