மூன்று முறை 3

பதினாறு எழுத்து, இரண்டு வரி கொண்ட எல்சிடி திரையை மைக்ரோகன்ட்ரோலருடன் இணைத்து மின்சாரம் கொடுக்கிறீர்கள். மேல் வரியில் கருப்புக் கட்டங்கள் வரிசையாகத் தெரிகின்றன. கீழ் வரியில் ஒன்றுமில்லை. பலரும் திரை பழுது என்று எடுத்து வைத்துவிடுவது இந்த இடத்தில்தான். உண்மையில் திரை நன்றாக இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. மின்சாரம் வந்திருக்கிறது, கான்ட்ராஸ்ட்டும் சரியாக இருக்கிறது. நீங்கள் அனுப்பிய தொடக்கக் கட்டளைகள் மட்டும் போய்ச் சேரவில்லை.

இந்தத் திரைகளுக்குள் இருப்பது ஜப்பானின் ஹிட்டாச்சி நிறுவனம் வடிவமைத்த HD44780 சிப், அல்லது அதே கட்டளைகளைப் புரிந்துகொள்ளும் வேறொரு சிப். மின்சாரம் வந்ததும் அது தன்னைத்தானே எட்டு பிட், ஒற்றை வரி நிலையில் வைத்துக்கொள்ளும். கட்டங்கள் மேல் வரியில் மட்டும் தெரிவது அதனால்தான்.

எட்டு கம்பிகள் இழுத்தால் ஒரு பைட்டை ஒரே தடவையில் அனுப்பலாம். ஆனால் மைக்ரோகன்ட்ரோலரில் பின்கள் குறைவு. அதனால் D4 முதல் D7 வரை நான்கு கம்பிகளை மட்டும் இணைத்து, பைட்டின் மேல் பாதியை முதலிலும் கீழ் பாதியை அடுத்தும் அனுப்புகிறோம். E பின் உயர்ந்து இறங்கும் அந்தக் கணத்தில் சிப் ஒரு பாதியை எடுத்துக்கொள்கிறது.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. வந்தது மேல் பாதியா கீழ் பாதியா என்று சொல்லும் அடையாளம் எதுவும் கம்பியில் இல்லை. சிப் தானாக எண்ணிக்கொள்கிறது, அவ்வளவுதான். எண்ணிக்கை ஒன்று தவறினால் எல்லாமே நழுவிவிடும். HELLO என்று அனுப்புகிறோம். அதன் பைட்டுகள் 48 45 4C 4C 4F. ஒரு பாதி நழுவினால் சிப் அதை 84, 54, C4, C4 என்று சேர்த்துப் படிக்கும். 54 என்பது T. C4 என்பதோ, பரவலாகக் கிடைக்கும் திரைகளில், ஜப்பானிய கட்டகானா எழுத்து. திரையில் திடீரென்று ஜப்பானிய எழுத்து முளைத்தால் இந்த நழுவலையும் சந்தேகிக்க வேண்டும்.

இது பெரும்பாலும் ரீசெட் பொத்தானால் நேர்கிறது. பொத்தான் மைக்ரோகன்ட்ரோலரை மட்டுமே புதிதாகத் தொடங்க வைக்கும். திரைக்கு மின்சாரம் போகவில்லை, ஆகவே அது பழைய நிலையிலேயே இருக்கும். எட்டு பிட் நிலையில் இருக்கலாம், நான்கு பிட்டில் மேல் பாதிக்குக் காத்திருக்கலாம், கீழ் பாதிக்கும் காத்திருக்கலாம். எந்த நிலை என்று நமக்குத் தெரியாது. மூன்றிலிருந்தும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரத்தான் 3 என்ற அரை பைட்டை மூன்று முறை அனுப்புகிறோம்.

```c
_delay_ms(50);
nibble(0x3); _delay_ms(5);
nibble(0x3); _delay_us(150);
nibble(0x3); _delay_us(150);
nibble(0x2); _delay_us(150);
cmd(0x28);
cmd(0x08);
cmd(0x01); _delay_ms(2);
cmd(0x06);
cmd(0x0C);
```

மிக மோசமான நிலையை எடுத்துக்கொள்வோம். திரையை அழிக்கும் கட்டளையான 01-இன் மேல் பாதி 0 மட்டும் போய்ச் சேர்ந்த நேரத்தில் ரீசெட் அழுத்தப்பட்டது. இப்போது நாம் அனுப்பும் முதல் 3, அந்த 0-உடன் சேர்ந்து 03 ஆகிறது. அது கர்சரைத் தொடக்கத்துக்குக் கொண்டுபோகும் கட்டளை. முடிய சுமார் 1.52 மில்லிசெகண்ட் ஆகும். முதல் 3-க்குப் பிறகு 4.1 மில்லிசெகண்டுக்கு மேல் காத்திருக்கச் சொல்வதன் நியாயம் இதில் தெரிகிறது: அரைகுறையாக நின்ற கட்டளை எதுவாக இருந்தாலும் அது முடிந்தாக வேண்டும். இரண்டாவது 3-உம் மூன்றாவது 3-உம் சேர்ந்து 33 ஆகின்றன. அது எட்டு பிட் நிலைக்கு மாறும் கட்டளை. மற்ற இரண்டு நிலைகளையும் இப்படியே தாளில் எழுதிப் பார்த்தால், மூன்றாவது 3 முடியும்போது சிப் எட்டு பிட்டில்தான் நிற்கும்.

அடுத்து வரும் தனி 2 அதை நான்கு பிட்டுக்கு மாற்றுகிறது. அதற்குப் பிறகுதான் `cmd` பைட்டை இரண்டு பாதியாக அனுப்பத் தொடங்கலாம். 28 என்பது நான்கு பிட், இரண்டு வரி என்று சொல்கிறது. 0C திரையை ஒளிரச் செய்கிறது.

சாதாரணக் கட்டளைக்கு 37 மைக்ரோசெகண்ட் என்று தரவுத்தாள் சொல்லும். ஆனால் அது சிப்பின் உள் கடிகாரம் 270 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது கிடைக்கும் கணக்கு. 190-க்கு இறங்கினால் 53 ஆகிவிடும். `cmd`-க்குள் 100 மைக்ரோசெகண்ட் காத்திருப்பு வைப்பது என் வழக்கம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 01-க்குப் பிறகு மட்டும் அது போதாது. செய்தியின் முதல் சில எழுத்துகள் மட்டும் காணாமல் போகிறதென்றால், அங்கே 2 மில்லிசெகண்ட் காத்திருப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிரலைச் சோதிக்கும்போது மின்சாரத்தை நிறுத்திப் போடுவது போதாது. அப்போது திரை தானே சரியான நிலையில் எழுந்து உங்கள் பிழையை மறைத்துவிடும். செய்தி எழுதப்படும் வேளையில் ரீசெட்டை அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள்.