சிறப்புப் பொருளாதார மண்டலம்: வேலி சரக்குக்கா, லாபத்துக்கா?

2025 மார்ச் 31 கடந்துவிட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலங்களுக்கான வரிச்சலுகை முடிந்துவிட்டதா, நீடிக்கிறதா என்று வாசகர்கள் கேட்டு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். 2020-21 நிதியாண்டுக்குப் பிறகு உற்பத்தியோ சேவையோ தொடங்கிய நிறுவனத்துக்கு அங்கே வருமான வரி விலக்கு கிடையாது. அதற்கு முன்பே வந்தவர்களுக்கு, ஏற்றுமதி லாபத்தில் முதல் 5 ஆண்டு முழு விலக்கு, அடுத்த 5 ஆண்டு பாதி. கடைசி 5 ஆண்டும் பாதி வரை உண்டு, ஆனால் லாபத்தைத் திரும்பத் தொழிலில் போட்டால்தான். கடைசியாக நுழைந்தவர்களின் முழு விலக்கு 2025 மார்ச்சோடு தீர்ந்தது. அரசு இதற்கு வைத்த பெயர் ஏற்றுமதி ஊக்குவிப்பு. பெயருக்கு ஏற்ற வேலை நடந்ததா என்பதுதான் கேள்வி.

சலுகையை ஏன் ஒரு வேலிக்குள் மட்டும் தர வேண்டும்? சுங்கவரியைப் பொறுத்தவரை இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி, சுங்க விஷயத்தில் மண்டலம் இந்தியாவுக்கு வெளியே இருப்பதாகப் பாவிக்கப்படுகிறது. உதிரிபாகம் வரி கட்டாமல் உள்ளே வரும். செய்த பொருள் கப்பலேறிப் போகும். அதையே உள்நாட்டில் விற்றால், வெளிநாட்டிலிருந்து வந்த சரக்குக்குப் போலச் சுங்கவரி கட்ட வேண்டும். மண்டலத்துக்கு வெளியே இருக்கும் ஏற்றுமதியாளரும் இறக்குமதி வரியைத் திரும்பப் பெறலாம்; உள்ளே இருப்பவருக்கு முதலில் கட்டிவிட்டுக் காத்திருக்கும் அலைச்சல் இல்லை, அவ்வளவே. சரக்கு வாசல் வழியாகத்தான் போய்வரும் என்பதால் வாசலில் கணக்குப் பார்த்தால் போதும். வேலி இங்கே உண்மையிலேயே வேலை செய்கிறது.

வருமான வரியில் அந்த வேலி பயன்படவில்லை. காரணம், லாபம் லாரியில் ஏறி வாசலைத் தாண்டுவதில்லை. எந்த அலுவலகத்தின் பெயரில் ஒப்பந்தம் போடுகிறோமோ அங்கே லாபம் தோன்றிவிடும். மென்பொருள் நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் லாபம் பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி 30 விழுக்காடு, மேல்வரியை விட்டுவிடலாம். மண்டலத்துக்குள் புதுக் கட்டடம் எடுத்து, பழைய ஒப்பந்தங்கள் முடிய முடியப் புதியவற்றை அந்த முகவரியில் எழுதுகிறது. லாபத்தில் 40 கோடி அங்கே நகர்ந்தால் 12 கோடி வரி மிச்சம். வாடிக்கையாளரும் அவரே, வேலையும் அதுவே. ஏற்றுமதி ஒரு ரூபாய் கூடியிருக்காது. பழைய தொழிலைப் பிரித்துப் புதிதென்று காட்டக் கூடாது என்று சட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் புது அலகின் தொழில்நுட்ப ஊழியர்களில் எவ்வளவு பேர் பழைய இடத்திலிருந்து வரலாம் என்பதற்கு 2014இல் நேரடி வரிகள் வாரியம் முதலில் 20 விழுக்காடு என்று எல்லை வைத்தது. சில மாதங்களிலேயே அதை 50 ஆக்கியது. பாதிப் பேர் பழையவர்களாக இருந்தாலும் அது புதிய தொழில்தான்! இடையில் 2011-12 முதல் மண்டல லாபத்துக்கும் 18.5 விழுக்காடு குறைந்தபட்ச மாற்று வரி (மேட்) வந்தது. அது நிறுவனத்தின் மொத்த லாபத்தோடு ஒப்பிட்டுப் போடப்படுவதால் நம் நிறுவனத்துக்கு அதிகம் வலிக்காது: மீதி 60 கோடிக்கு ஏற்கெனவே 18 கோடி வரி கட்டுகிறது, மேட் 18.5 கோடி. கூடுதலாகக் கட்டுவது ஐம்பது லட்சம், அதையும் பின்னாளில் கழித்துக்கொள்ளலாம்.

சலுகை இல்லாவிட்டால் நிறுவனங்கள் வேறு நாட்டுக்குப் போயிருக்கும் என்பார்கள். இடம் தேடி அலையும் தொழிற்சாலைக்கு அது ஓரளவு பொருந்தலாம். ஐ.டி. நிறுவனங்களோ மண்டலங்கள் வருவதற்கு முன்பே சென்னையிலும் பெங்களூருவிலும் வேரூன்றியவை. மென்பொருள் பூங்காக்களுக்கான விலக்கு 2011 மார்ச்சில் முடிந்தபோது, மண்டலமே அடுத்த நிழலாக இருந்தது. 2014இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, மண்டலங்களில் பாதிக்கு மேல் ஐ.டி. சார்ந்தவை என்றது, 2006-07 முதல் 2012-13 வரை விட்டுக்கொடுத்த வரியை 83,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. வேலைவாய்ப்பு வந்ததே என்பது அடுத்த வாதம். அதே அறிக்கை ஆராய்ந்த மாதிரிகளில் உறுதியளிக்கப்பட்டது சுமார் 39 லட்சம் வேலை, கிடைத்தது 3 லட்சத்துக்கும் குறைவு. நல்ல சோதனை பிறகு வந்தது. புதியவர்களுக்கு விலக்கு நின்றது. 2019 முதல், சலுகைகளை விட்டுவிடும் எந்த நிறுவனத்துக்கும் 22 விழுக்காடு வரி என்றும் ஆனது. ஐ.டி. நாட்டைவிட்டு ஓடவில்லை, மண்டலக் கட்டடங்களில்தான் தளங்கள் காலியாயின. தளம் தளமாக மண்டலத்திலிருந்து விடுவித்துக்கொள்ள 2023 டிசம்பரில் விதியையே திருத்த வேண்டியிருந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக. உள்ளே தொழிலாளர் சட்டம் செல்லுமா? செல்லும். உள்நாட்டில் விற்ற லாபத்துக்கு விலக்கு உண்டா? இல்லை. புதுச் சட்டம் வருகிறதா? 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள், இன்னும் நிறைவேறவில்லை. உலக வர்த்தக அமைப்பு என்ன சொன்னது? மண்டல வரிச்சலுகைகள் தடைசெய்யப்பட்ட ஏற்றுமதி மானியம் என்று அதன் விசாரணைக் குழு 2019 அக்டோபரில் சொன்னது. இந்தியா மேல்முறையீடு செய்தது. அதை விசாரிக்க வேண்டிய அமர்வு போதிய உறுப்பினர்கள் இல்லாமல் 2019 டிசம்பரிலிருந்து முடங்கிக் கிடக்கிறது.