மெம்பரேன் மாற்றினால் கமிஷனா?

ஆர்.ஓ. மெஷின் விற்று சர்வீஸும் பார்க்கும் சிறிய கடை. இதுவரை வீடு வீடாகத் தானே போய்க்கொண்டிருந்த முதலாளி, முதல்முறையாக இரண்டு டெக்னீஷியன்களை வைக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு மாதம் 18,000 ரூபாய் கொடுக்க அவரால் முடியும். அதில் எவ்வளவு சம்பளம், எவ்வளவு ஊக்கத்தொகை?

உடனே தோன்றுவது, பத்தாயிரம் சம்பளம், மாற்றும் ஒவ்வொரு பாகத்துக்கும் கமிஷன். சில மாதத்திலேயே மெம்பரேன் விற்பனை ஏறும், முதலாளிக்கும் குஷி. ஆனால் சாதாரணமாக இரண்டு மூன்று வருஷம் உழைக்கும் மெம்பரேன், சில வீடுகளில் ஒரே வருஷத்தில் "போச்சுங்க" ஆகிவிடும். கண்டுபிடிக்க வழி உண்டு. உள்ளே வரும் தண்ணீரின் டி.டி.எஸ்., வெளியே வருவதன் டி.டி.எஸ். இரண்டையும் ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும். உள்ளே 900, வெளியே 70 என்றிருந்தும் மாற்றியிருந்தால், அது கமிஷனுக்காகச் செய்த வேலை.

1992இல் அமெரிக்காவின் சியர்ஸ் நிறுவனம் இதில்தான் மாட்டியது. அதன் கார் சர்வீஸ் மையங்கள் தேவையற்ற பழுதுகளைத் தலையில் கட்டுவதாகக் கலிபோர்னியா அரசு குற்றம்சாட்டியது. அங்கே ஊழியர்களுக்குக் கமிஷனும் விற்பனை இலக்கும் இருந்தன. அந்தக் கமிஷனை நிறுவனம் பிறகு கைவிட்டது.

அதே நாட்டில் கார் கண்ணாடி மாற்றும் சேஃப்லைட் நிறுவனம், 1990களில் மணிக்கூலியை விட்டு, மாட்டும் கண்ணாடிக்கு இவ்வளவு என்று கொடுக்கத் தொடங்கியது. ஆள் ஒருவர் செய்யும் வேலை சுமார் 44 சதவீதம் கூடியதாகப் பொருளாதார அறிஞர் எட்வர்ட் லாசியர் 2000இல் எழுதினார். கண்ணாடி உடைந்ததை யார் பார்த்தாலும் தெரியும். மெம்பரேன் போய்விட்டதா என்பதை டெக்னீஷியன்தான் சொல்கிறார். தேவையை முடிவு செய்பவருக்கே அதில் கமிஷன் கொடுத்தால் வம்பு.

ஆகவே நம் கடைக்காரர் 15,000 ரூபாயைச் சம்பளமாக வைக்கலாம். அரசு அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே சம்பளம் போகக் கூடாது என்பது சட்டம். அதைச் சரிபார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. மீதியைப் பாகங்களில் வைக்காமல், ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிப்பதில் வைக்கலாம்: ஒன்றுக்கு 150 ரூபாய், வாடிக்கையாளர் பணம் கட்டிய பிறகு. வேலை பிடித்திருந்தால்தானே வாடிக்கையாளர் புதுப்பிப்பார்! 30 நாளுக்குள் அதே புகாருக்கு மறுபடி போக நேர்ந்தால் அந்த வீட்டின் 150 கிடையாது. சம்பளத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது.

மாதம் 20 புதுப்பிப்பு வந்தால் 3,000. மந்தமான மாதத்தில் எட்டுதான் என்றாலும் 16,200 கைக்கு வரும், வீட்டு வாடகை தடுமாறாது. பத்தாயிரம் சம்பளக்காரர் இந்த மாதத்தில்தான் வேறு கடை தேடுவார். முதல் மூன்று மாதம் இருவருக்கும் 18,000 உறுதி என்று சொல்லிவிடுவது நல்லது, வாடிக்கையாளர்கள் பழகவே அவ்வளவு நாளாகும்.

இனி சண்டை வருவது ஏரியா பிரிப்பதில். ஒருவருக்கு அடுக்குமாடிகள், இன்னொருவருக்குச் சிதறிய வீடுகள் என்றால் பொறாமை கிளம்பும். தெருவை வைத்துப் பிரிக்காமல், அந்த மாதம் ஒப்பந்தம் முடியும் வீடுகளின் பட்டியலைச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்துவிடலாம்.