பாச்சி தூங்குது

ராத்திரி பத்தேகால் மணி. விளக்கை அணைத்து முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. மகள் என் இடது கையில் தலை வைத்துப் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள். குடிக்கிறாள் என்றுகூடச் சொல்ல முடியாது, வாயில் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். உறிஞ்சுவது எப்போதோ நின்றுபோய், தாடை மட்டும் அவ்வப்போது அசைகிறது. சுண்டுவிரலை அவள் உதட்டோரம் நுழைத்து மெல்ல எடுக்கிறேன். மூன்று விநாடி அமைதி. பிறகு கண் திறக்காமலே வாய் காற்றில் தேடுகிறது, ஒரு சிணுங்கல். மறுபடியும் முதலிலிருந்து.

அவளுக்கு அப்போது இரண்டு வயது இரண்டு மாதம். பகலில் ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள், பார்க்கில் விட்டால் என்னைத் திரும்பியே பார்க்க மாட்டாள். தூங்க மட்டும் பாச்சி வேண்டும். நடு ராத்திரியில் மூன்று தரம், விடியற்காலையில் ஒரு தரம்.

இதை நிறுத்துவதற்கு நம் ஊரில் பால் மறக்கடிப்பது என்று பெயர். வேப்பெண்ணெய் தடவுவார்கள், கற்றாழைச் சாறு தடவுவார்கள், இல்லையென்றால் குழந்தையை நாலு நாள் பாட்டி வீட்டில் விட்டுவிடுவார்கள். இவற்றால் பலன் இல்லை என்று சொல்ல மாட்டேன். அடுத்த பிள்ளை வயிற்றில் இருக்க, வயல் வேலைக்கும் போக வேண்டியிருந்த பெண்களுக்கு வேறு வழி இருந்திருக்காது. ஆனால் பயந்தாலும் விழுந்தாலும் குழந்தை ஓடிவருகிற இடம் ஒரே ராத்திரியில் கசந்துபோனால், அது ஏன் என்று அதற்கு விளங்காது. பாட்டி வீட்டு வைத்தியத்தில் பாலும் போகிறது, கூடவே அம்மாவும் போய்விடுகிறாள். இரண்டையும் ஒரே நேரத்தில் இழக்க வைக்க வேண்டுமா?

நானும் ஒரு தந்திரம் செய்து பார்த்தேன். பேண்ட்-எய்ட் ஒட்டிக்கொண்டு, "பாச்சிக்கு உவ்வா" என்றேன். அவள் அழவில்லை. முகத்தை அருகில் கொண்டுவந்து ஊதினாள். போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அன்று முழுக்கப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் "சரியாச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இரண்டு வயதுக் குழந்தை மறக்காது, காத்திருக்கும். அன்று மாலையே பேண்ட்-எய்டைப் பிய்த்துப் போட்டேன். பொய் சொல்லி ஏமாற்றுவதைவிட, உள்ளதைச் சொல்லி அழவிடுவது மேல் என்று தோன்றிவிட்டது.

அவள் ஏன் எழுகிறாள் என்பது தெரிந்த பிறகுதான் எங்கே தொடங்குவது என்று எனக்குப் புரிந்தது. நாம் எல்லோருமே ராத்திரியில் பல தரம் லேசாக விழித்துக்கொள்கிறோம். ஒரு சுற்றுத் தூக்கம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளி அது. புரண்டு படுத்துவிடுகிறோம், காலையில் நினைவிருப்பதில்லை. குழந்தைக்கும் அப்படித்தான். ஆனால் மார்பை வாயில் வைத்துக்கொண்டே தூங்கிய குழந்தை அந்த இடைவெளியில் வந்ததும் அதைத் தேடுகிறது. பசி இல்லை. தூக்கத்துக்குள் திரும்பிப் போக அதற்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். ஆகவே முதல் வேலை பாலை நிறுத்துவது இல்லை, பாலையும் தூக்கத்தையும் பிரித்து வைப்பது.

வரிசையை மாற்றினேன். முன்பு சாப்பாடு, பல் விளக்கல், படுக்கை, பால் என்று இருந்தது. இப்போது சாப்பாட்டுக்குப் பின் ஹாலில், விளக்கு எரிய, நாற்காலியில் உட்கார்ந்து பால். அதற்குப் பிறகுதான் பல் விளக்கிப் படுக்கைக்குப் போவது. பல்லுக்கும் இது நல்லது. பகலிலேயே இதைச் சொல்லி வைத்தேன், அவள் சிரித்து விளையாடும்போது. "ராத்திரி பாச்சியும் தூங்கப் போகும். ஹால்ல குடிச்சிட்டு, ரூம்ல கதை." தூக்கக் கலக்கத்தில் முதல் தடவையாகச் சொன்னால் எந்தக் குழந்தைக்கும் ஏறாது. பேச வராத வார்த்தைகளும் அந்த வயதில் காதில் விழுந்து புரியும். ஐந்தாம் நாள் அவளே பொம்மையிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு சின்ன மாற்றம், பார்க்க அற்பமாகத் தோன்றும். நான் ராத்திரியில் முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டிதான் போடுவேன். அந்த ஜிப் சத்தத்துக்கே அவள் விழித்துவிடுவாள். அந்த நைட்டிகளை எடுத்து மேலே வைத்துவிட்டுக் கழுத்து மூடிய சுடிதார் டாப்புக்கு மாறினேன்.

ஹால் நாற்காலி ஒரு வாரம் ஓடிய பிறகு, படுக்கையில் பால் இல்லாத முதல் ராத்திரி. நாற்பது நிமிஷம் அழுதாள். என் தோளில் அடித்தாள், கழுத்துத் துணியைப் பிடித்து இழுத்தாள். "பாச்சி வேணும்." நான் சொன்னது இவ்வளவுதான்: "வேணும்தான். ரொம்ப வேணும். பாச்சி தூங்குது. அம்மா இங்கதான் இருக்கேன்." விளக்கம் சொல்லவில்லை, சமாதானத்துக்கு பிஸ்கட்டோ போனோ தரவில்லை. முதுகில் ஒரே தாளத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். தனியாகக் கிடந்து அழுவதும் ஒருவர் மடியில் கிடந்து அழுவதும் ஒன்றில்லை. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவள் கோபப்பட்டது என்னிடம்தான், அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டதும் என்னிடம்தான்.

முப்பதாவது நிமிஷத்தில் மாமியார் கதவருகே வந்து, "குடுத்துடேம்மா, பாவம்" என்றார். அங்கேதான் எல்லாரும் சறுக்குவது. முப்பது நிமிஷம் அழுத பிறகு கொடுத்தால், முப்பது நிமிஷம் அழுதால் கிடைக்கும் என்றுதான் குழந்தை கற்றுக்கொள்ளும். நாளைக்கு அதற்கு மேலும் அழும். கொடுக்கப் போகிறோம் என்றால் முதல் நிமிஷத்திலேயே கொடுத்துவிடலாம், அதில் தப்பே இல்லை, இன்னொரு நாள் தொடங்கலாம். இரண்டாம் ராத்திரி இருபத்தைந்து நிமிஷம். மூன்றாம் ராத்திரி பத்து. விட்டது என்று நினைத்தேன். ஐந்தாம் ராத்திரி முதல் நாளைவிட மோசம். இப்படி ஒரு நாள் திரும்பி வரும் என்று எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருக்காவிட்டால் அன்றே கைவிட்டிருப்பேன்.

நடு ராத்திரிப் பாலைப் பத்து நாள் தொடவே இல்லை. தானாகத் தூங்கப் பழகியதுமே மூன்று ஒன்றாகக் குறைந்துவிட்டது. பிறகு பதினொன்றிலிருந்து காலை ஆறு வரை என்று ஒரு எல்லை வைத்தோம். முதல் மூன்று ராத்திரி இருபது எண்ணும்வரை மட்டும் பால், முழிப்பு இருக்கும்போதே எடுத்துவிட்டு அணைத்துப் படுத்தல். அடுத்த மூன்று ராத்திரி பால் கிடையாது, அணைப்பு மட்டும். அதற்கப்புறம் கைதட்டல் மட்டும். ஆறு மணிக்கு ஜன்னல் திரையை விலக்கி, "வெளிச்சம் வந்துடுச்சு" என்று கேட்டதைக் கொடுத்தேன். இருட்டு, வெளிச்சம் அவளுக்குத் தெரிகிற கடிகாரம்.

கணவர் முதலிலேயே தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவரிடம் இன்னும் பலமாகக் கத்தினாள். காரணம் எளிது: அதுவரை அவர் ஒரு நாளும் அவளைத் தூங்க வைத்ததில்லை. பால் நிறுத்தும் அன்று திடீரென்று வந்து நிற்கிற அப்பா, குழந்தைக்குக் காவல்காரர் மாதிரிதான். ஒரு வாரம் பல் விளக்கலையும் கதையையும் அவர் கையில் கொடுத்துப் பழக்கிய பிறகு, பாதி ராத்திரிகள் அவருடையவை ஆயின.

தொடங்கக் கூடாத காலங்களும் உண்டு. காய்ச்சல், ஊர்ப் பயணம், ப்ளே ஸ்கூலில் சேர்த்த வாரம். இரண்டு வயதைச் சுற்றிக் கடைசிக் கடைவாய்ப் பல் முளைக்கும், அப்போது வாய் வலியில் குழந்தை பாலைத்தான் தேடும். ராத்திரி அழுதாலும் பகலில் ஓடி விளையாடிச் சாப்பிட்டால் நாம் போகிற வேகம் சரி. பகலெல்லாம் இடுப்பை விட்டு இறங்காமல், சாப்பாட்டைத் தள்ளி, புதிதாகக் கடிக்கவும் அடிக்கவும் தொடங்கினால் ஒரு படி பின்னால் போய்விட வேண்டியதுதான். பாலுக்குப் பதில் ஃபீடிங் பாட்டிலை வாயில் வைப்பது பழைய சிக்கலைக் கொடுத்துப் புதுச் சிக்கலை வாங்குவது: பல் சொத்தையாகும், தூக்கமும் பாட்டிலைக் கேட்கும். பசும்பால் சாப்பாட்டோடு டம்ளரில் இருக்கட்டும், ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் போகாமல். அதற்கு மேல் போனால் சோறு இறங்காது, இரும்புச்சத்து குறையும்.

இனி என் பக்கம். மெதுவாகக் குறைத்ததால் மார்பு பெரிதாகக் கட்டவில்லை. ஒரு ராத்திரி வலது பக்கம் கல் மாதிரி ஆனது. இறுக்கம் தணியும் அளவுக்கு மட்டும் குளியலறையில் பீய்ச்சிவிட்டு, ஈரத்துணி வைத்துக்கொண்டேன். முழுக்கப் பீய்ச்சினால் உடம்பு இன்னும் பால் கேட்கிறார்கள் என்று எண்ணிச் சுரந்துகொண்டே இருக்கும். ஓரிடம் சிவந்து, சூடாகி, காய்ச்சல் குளிர் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றே டாக்டர். மல்லிகைச் சரத்தை மார்பில் கட்டச் சொன்னார் அம்மா. கேலி செய்தேன். அது கேலிக்குரியதல்ல என்று பிறகு தெரிந்தது: வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் அதைப் பால் வற்றும் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து 1988இல் ஆய்வுக் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பிரசவமான சில நாட்களில் உள்ள தாய்மார்களிடம் செய்தது, என் நிலை வேறு.

நான் எதிர்பார்க்காதது மனசு. நிறுத்துவதற்கு முந்தைய மாதங்களில் அவள் குடிக்கும்போதே உடம்பெல்லாம் எரிச்சல் ஏறும், தள்ளிவிடலாம் போலிருக்கும், உடனே குற்ற உணர்ச்சி வரும். வளர்ந்த குழந்தைக்குப் பால் கொடுக்கும் பல பெண்களுக்கு இது உண்டு, வெளியே சொல்வதில்லை. சரி, நிறுத்தினால் நிம்மதி என்றிருந்தேன். நின்ற பத்தாம் நாள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே காரணமில்லாமல் அழுதேன். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டினும், குடிக்கும்போது உடம்பைத் தளர்த்தும் ஆக்ஸிடோசினும் குறையும்போது சிலருக்கு இப்படி ஆகும். திடீரென்று நிறுத்தினால் கூடுதலாக ஆகலாம். எனக்கு ஒரு வாரத்தில் தெளிந்தது. இரண்டு வாரம் தாண்டியும் விலகாமல், தூக்கமும் பசியும் கெட்டால் அது வெறும் பால் வருத்தம் இல்லை, மருத்துவரிடம் பேச வேண்டியது.

உலக சுகாதார நிறுவனம் இரண்டு வயது வரையும், விரும்பினால் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்கிறது. அதனால் நான் நிறுத்தியது பாலில் சத்து போய்விட்டது என்பதற்காக இல்லை. எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது. இதைச் சொல்லவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

காலைப் பால் இன்னும் ஒன்றரை மாதம் ஓடி, ஒரு நாள் அவளே கேட்காமல் சட்னி வாசனையைப் பார்த்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். இப்போது ராத்திரி முழுக்கத் தூங்குகிறாள், ஒரு கையை என் கழுத்து வழியாக உள்ளே விட்டபடி. அதை எப்போது நிறுத்தப் போகிறாய் என்று மாமியார் கேட்கிறார். இப்போதைக்கு இல்லை என்றேன்.